டஜனில் ஆர்டர், பீஸில் பில்: அலகு மாறி வரும் இன்வாய்ஸைப் பிடிப்பதும் திருத்துவதும்

சட்டை, பேன்ட் தைக்கும் கம்பெனிகளில் துணிக்கு அடுத்தபடி அதிகமாக வாங்குவது அக்சசரீஸ்: பட்டன், ஜிப், லேபிள், நூல், எலாஸ்டிக். இவை ஒவ்வொன்றையும் கடைக்காரர் ஒரு அலகில் விற்கிறார், நாம் இன்னொரு அலகில் ஆர்டர் போடுகிறோம், தையல் ஹாலில் மூன்றாவது அலகில் செலவாகிறது. பட்டன் குரோஸில் வரும், பீஸில் போகும். ஜிப் டஜனில் வரும். லேபிளுக்கு ஆயிரம் பீஸ் ரேட் சொல்வார்கள். நூல்கண்டு பாக்ஸில் வரும், ஹாலில் கோன் கணக்கு.

இந்தச் சரக்குகளின் பில்லை ஆர்டரோடு ஒத்துப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தொகை சரியாக இருந்தால் பில் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொகை சரியாக இருந்தும் சரக்கு பன்னிரண்டில் ஒரு பங்குதான் வந்திருக்கலாம். அது எப்படி என்பதையும், எந்த வரிசையில் பார்த்தால் தப்பாது என்பதையும் கீழே எழுதுகிறேன். உதாரணத்துக்கு இரண்டு சரக்கு போதும், ஜிப்பும் பட்டனும். ரேட்டுகள் கணக்குக்காக வைத்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்டர் காப்பி, சரக்கோடு வந்த டெலிவரி சலான், ஸ்டோரில் எண்ணி எழுதிய உள்வரவுச் சீட்டு, பில். இந்த நான்கும் வேண்டும். இதற்கு மேல் ஐந்தாவதாக ஒரு தாள் உண்டு. பல கம்பெனிகளில் அது ஸ்டோர்கீப்பரின் மனதில் மட்டும்தான் இருக்கும். எந்தச் சரக்கு எந்த அலகில் வருகிறது, ஒரு அலகுக்கு எத்தனை பீஸ் என்ற மாற்றுக் கணக்குத் தாள்தான் அது. அவர் லீவு போட்ட அன்று ஒரு பாக்ஸில் பத்து கோனா பன்னிரண்டு கோனா என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் முதல் வேலை அதை எழுத்தில் கொண்டு வருவது.

பில்லைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும். முதலில் பில்லைப் பார்த்துவிட்டால் அதில் உள்ள எண் மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எண்ணுபவரும் அந்த எண்ணை நோக்கியே எண்ணுவார்.

2. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ஒரு அடிப்படை அலகு

அடிப்படை அலகு என்பது தையல் ஹாலில் செலவாகும் அலகு. பட்டன், ஜிப், லேபிள் மூன்றுக்கும் பீஸ். நூலுக்குக் கோன். எலாஸ்டிக்குக்கு மீட்டர். வாங்கும் அலகை அடிப்படையாக வைக்கக் கூடாது. காரணம் இதுதான்: இன்று டஜனில் விற்பவர் நாளை பத்து பீஸ் பேக்கெட்டுக்கு மாறலாம், வேறு கடைக்காரர் வேறு அலகில் தரலாம். ஆனால் ஒரு பேன்ட்டுக்கு ஒரு ஜிப் என்பது மாறாது.

அப்புறம் மாற்றுக் கணக்கை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டஜன் என்றால் 12, குரோஸ் என்றால் 144, எந்தச் சரக்கானாலும் இது ஒன்றுதான். பாக்ஸ், பேக்கெட், ரோல் போன்றவை அப்படி இல்லை. சரக்குக்குச் சரக்கு மாறும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

டாலியில் இந்த இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும். மாறாத கணக்குக்கு Unit உருவாக்கும் திரையில் Type என்ற இடத்தில் Compound தேர்ந்தெடுத்து, முதல் அலகு DOZ, Conversion 12, இரண்டாவது அலகு PCS என்று கொடுங்கள். குரோஸுக்கு அதே போல 144. இது ஒரு தடவை செய்தால் எல்லாச் சரக்குக்கும் பொருந்தும்.

பாக்ஸை அப்படி Compound அலகாக வைக்கவே கூடாது. ஒரு பாக்ஸுக்கு 10 கோன் என்று ஒரு தடவை வைத்துவிட்டால் பன்னிரண்டு கோன் பாக்ஸும் அதே கணக்கில் போய் விழும். பாக்ஸுக்கு அந்தந்தச் சரக்கின் திரையில் Alternate Units என்ற இடத்தைப் பயன்படுத்துங்கள். அது கண்ணில் படவில்லை என்றால் F12 அழுத்தி அந்த அமைப்பைத் திறந்துவிட வேண்டும்.

அலகு உருவாக்கும்போது Unit Quantity Code என்று ஒரு இடம் வரும். ஜிஎஸ்டிக்காக வரையறுத்த அலகுக் குறியீடு அது. பீஸுக்கு PCS, டஜனுக்கு DOZ, குரோஸுக்கு GRS, ஆயிரத்துக்கு THD. இதை அவசரத்தில் OTH என்று விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் பில்லில் என்ன குறியீடு இருக்கிறது என்று பின்னால் ஒப்பிடும்போது இதுதான் உதவும்.

3. ஆர்டரில் ரேட்டுக்குப் பக்கத்தில் அலகை எழுதுங்கள்

அலகு முரண் பில்லில் வெளிப்படுகிறது, பிறப்பது பெரும்பாலும் ஆர்டரில். "பேன்ட் ஜிப் 50, ரேட் 84" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் 50 என்பது டஜனா பீஸா, 84 எதற்கு என்று எதிரில் இருப்பவர்தான் ஊகிக்க வேண்டும். பழைய கடைக்காரர் சரியாக ஊகிப்பார். அவர் கடையில் புதிதாகச் சேர்ந்த பில் போடும் பையனுக்கு அது தெரியாது.

ஆர்டர் வரி இப்படி இருக்கட்டும்:

"பேன்ட் ஜிப், 50 டஜன் (600 பீஸ்). ரேட் ஒரு டஜனுக்கு ரூ.84 (ஒரு பீஸ் ரூ.7). தொகை ரூ.4,200, ஜிஎஸ்டி தனி. பில் டஜனில் போடவும்."

எண்ணிக்கையையும் ரேட்டையும் இரண்டு அலகிலும் எழுதுவது தேவையில்லாத வேலை போலத் தெரியும். ஆனால் கடைக்காரர் எதைத் தவறாகப் படித்தாலும் அடைப்புக்குள் இருக்கும் எண் அவரைத் தடுக்கும். கடைசி வாக்கியமும் முக்கியம். பில் எந்த அலகில் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே சொல்லியிருந்தால், பின்னால் திருத்தக் கேட்கும்போது அது புதுக் கோரிக்கையாக இருக்காது.

இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, அலகு தெரியாதபோது NOS என்று போட்டுவிடுவது. பேக்கெட்டும் ஒரு நம்பர்தான், பீஸும் ஒரு நம்பர்தான். அந்தக் குறியீட்டால் எந்தப் பயனும் இல்லை.

4. பில்லைப் பார்க்கும் முன் எண்ணுங்கள்

ஸ்டோரில் எண்ணுவது பீஸில் இருக்க வேண்டும். "5 பண்டல்" என்று மட்டும் எழுதிய உள்வரவுச் சீட்டு ஒப்பீட்டுக்கு உதவாது. ஜிப் என்றால் ஒரு பண்டலைப் பிரித்து எண்ணி, மற்றவை அதே கனம்தானா என்று பார்த்து, "5 பண்டல் x 120 பீஸ் = 600 பீஸ்" என்று எழுதினால் போதும்.

பட்டனை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எடை போட்டுத்தான் எண்ண வேண்டும். வந்த மூட்டையிலிருந்தே ஒரு பிடி எடுத்து சரியாக 144 பட்டனை எண்ணி, கிராம் காட்டும் தராசில் வையுங்கள். 40 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து குரோஸ் பேக்கெட் ஒன்று கவர் எடை போக 400 கிராம் இருக்க வேண்டும். இருபது பேக்கெட் என்றால் மொத்தம் 8 கிலோ. மாதிரியை அதே லாட்டிலிருந்து எடுப்பது முக்கியம். கலர் மாறினாலோ கனம் மாறினாலோ எடை மாறிவிடும், போன மாத மாதிரி செல்லாது.

எடை முறையில் நாலைந்து பட்டன் கூடக்குறைய வரும். அது பரவாயில்லை. இந்தக் கட்டத்தில் நாம் தேடுவது பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். 200 குரோஸுக்குப் பதில் 200 டஜன் வந்திருந்தால் எடை 8 கிலோவுக்குப் பதில் 670 கிராம் அளவுதான் இருக்கும். மூட்டையைத் தூக்கும்போதே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியபின் பில்லை எடுங்கள்.

5. இரண்டு விகிதம் பாருங்கள், ஒன்று போதாது

பில்லில் முதலில் அலகு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி விதி 46 படி, சரக்குக்கான பில்லில் அளவும் அதன் அலகு அல்லது அலகுக் குறியீடும் இருக்க வேண்டும். அலகே இல்லாத பில்லை ஊகித்துப் பதிவு செய்யாமல் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்து, எல்லாவற்றையும் பீஸுக்கு மாற்றி ஒரு வரியில் எழுதுங்கள். எக்செல் தாளில் B ஆர்டர் பீஸ், C எண்ணிய பீஸ், D பில் பீஸ், E ஆர்டர் தொகை, F பில் தொகை. தொகைகள் இரண்டும் வரிக்கு முந்தையவையாக இருக்கட்டும். ஒன்றில் வரி சேர்ந்தும் இன்னொன்றில் சேராமலும் இருந்தால் விகிதம் குழம்பிவிடும்.

```
=ROUND(D2/B2,3)
=ROUND(F2/E2,3)
```

முதல் வரி அளவு விகிதம், இரண்டாவது தொகை விகிதம். இப்போது மேலே சொன்ன ஜிப் ஆர்டருக்கு வரக்கூடிய பில்களைப் பார்ப்போம். ஆர்டர் 50 டஜன், டஜன் 84 ரூபாய், தொகை 4,200.

பில்லில் 600 பீஸ், ரேட் 7, தொகை 4,200 என்று இருந்தால் அளவையும் ரேட்டையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். இரண்டு விகிதமும் 1. எண்ணியதும் 600 என்றால் பில் சரி. அப்படியே பதிவு செய்யலாம்.

பில்லில் 600 பீஸ், ரேட் 84, தொகை 50,400 என்று இருந்தால் அளவை மட்டும் பீஸாக மாற்றி ரேட்டை டஜனிலேயே விட்டிருக்கிறார்கள். அளவு விகிதம் 1, தொகை விகிதம் 12. இது பார்த்தவுடன் கண்ணில் படும்.

பில்லில் 50 டஜன், ரேட் 7, தொகை 350 என்று இருந்தால் நேர் எதிர்த் தவறு. ரேட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள். தொகை விகிதம் 0.083. குறைவாக வந்திருக்கிறதே என்று பேசாமல் இருப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். கடைக்காரர் கணக்கு முடிக்கும்போது எப்படியும் கேட்பார். அதற்குள் அந்த ஜிப்பை 58 பைசா என்று விலை போட்டு பேன்ட்டின் காஸ்டிங் பையருக்குப் போயிருக்கும்.

நான்காவது வகைதான் ஆபத்தானது. பில்லில் 50 பீஸ், ரேட் 84, தொகை 4,200. தொகை ஆர்டரோடு ரூபாய் பைசா சுத்தமாகப் பொருந்துகிறது. எண்கள் மூன்றும் ஆர்டரில் உள்ளவையே. மாறியது அலகு மட்டும். தொகை விகிதம் 1, ஆனால் அளவு விகிதம் 0.083.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கடைக்காரரின் பில்லிங் சாஃப்ட்வேரில் எல்லாச் சரக்குக்கும் PCS என்றே வைத்திருப்பார், அவர் 50 டஜன் அனுப்பிவிட்டு 50 PCS என்று பில் போட்டிருப்பார். அல்லது நிஜமாகவே 50 ஜிப் அனுப்பி 50 டஜனுக்குப் பணம் கேட்டிருப்பார். பில்லையும் ஆர்டரையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதில் எது என்று தெரியாது. நான்காம் படியில் எழுதிய 600 என்ற எண்தான் பதில் சொல்லும். எண்ணுவதை முன்னால் வைத்ததற்கு இதுவே காரணம்.

விகிதம் 12 அல்லது 0.083 என்றால் டஜன்–பீஸ், அல்லது குரோஸ்–டஜன். 144 என்றால் குரோஸ்–பீஸ். 1000 என்றால் லேபிள் ரேட்டில் ஆயிரம் விட்டுப்போயிருக்கிறது. இவை பெரிய எண்கள், யாரும் தவறவிட மாட்டார்கள். கவனிக்க வேண்டியது 1.2, 0.833 என்ற இரண்டு எண்கள்தான். பன்னிரண்டு உள்ள பாக்ஸும் பத்து உள்ள பாக்ஸும் குழம்பினால் இவைதான் வரும். ரேட் இருபது சதவீதம் ஏறிவிட்டது போலத் தோன்றும், விலையேற்றம் என்று யாராவது ஒப்புதலும் கொடுத்துவிடுவார்கள். நூல் பில்லில் சரியாக 1.2 என்று வந்தால் விலையைப் பற்றிப் பேசும் முன் பாக்ஸைத் திறந்து கோனை எண்ணுங்கள்.

6. பட்டன் பில்: அலகு சரி, பைசா இடிக்கிறது

இன்னொரு வகைக் குழப்பம், அலகை ஒழுங்காக மாற்றியபின்னும் தொகை பொருந்தாதது. சட்டைக்குப் பதினெட்டாம் நம்பர் நாலு ஓட்டைப் பட்டன் 200 குரோஸ், குரோஸ் 42 ரூபாய், தொகை 8,400 என்று ஆர்டர். ஒரு சட்டைக்கு உபரியும் சேர்த்து 12 பட்டன் என்று வைத்தால் 2,400 சட்டைக்கான அளவு இது. பில் வருகிறது: 28,800 பீஸ், ரேட் 0.29, தொகை 8,352.

அளவு சரி. தொகையில் 48 ரூபாய் குறைவு. கடைக்காரர் தள்ளுபடி தரவில்லை. 42 ஐ 144 ஆல் வகுத்தால் 0.291666 என்று போய்க்கொண்டே இருக்கும். அதை இரண்டு இலக்கத்தில் வெட்டியதால் வந்த குறைவு இது. அவர் மேல்நோக்கி 0.30 என்று போட்டிருந்தால் தொகை 8,640, நமக்கு 240 ரூபாய் நஷ்டம். மூன்று இலக்கம் வைத்து 0.292 என்று போட்டாலும் 8,409.60 தான் வரும். 144 ஆல் இப்படிச் சுத்தமாக வகுபடாத குரோஸ் ரேட்டைச் சில இலக்கத்தில் வெட்டிப் பீஸ் ரேட்டாக எழுதினால் ஏதோ ஒரு வித்தியாசம் நிற்கும்.

இதை எப்படி அடையாளம் காண்பது? விகிதம் 1 க்கு மிக அருகில் இருக்கும். இங்கே 0.994. 0.30 என்று போட்டிருந்தால் 1.029. பில் ரேட்டை 144 ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.29 க்கு 41.76 வரும். ஆர்டர் ரேட்டுக்கு ஒட்டி, ஆனால் யாரும் பேசாத ஒரு எண் வந்தால் அது வெட்டியதால் வந்தது. 44 அல்லது 45 என்று முழு எண் வந்தால் நிஜமாகவே ரேட்டை மாற்றியிருக்கிறார்கள், அது வேறு பேச்சு.

தீர்வு எளிது. பில்லை GRS அலகில், 200 x 42 என்று போடச் சொல்லுங்கள். குரோஸில் பேசிய ரேட்டைக் குரோஸிலேயே பில் போட்டால் வகுத்தல் என்ற பேச்சே இல்லை. வந்துவிட்ட பில்லை என்ன செய்வது? வித்தியாசம் உங்கள் கம்பெனி ஏற்கும் வரம்புக்குள் இருந்தால் பில் தொகைப்படியே பதிவு செய்யுங்கள். டாலியில் அளவையும் தொகையையும் கொடுத்தால் ரேட்டை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தொகை பொருந்துவதற்காக அளவைத் திருத்துவது. 0.29 ரேட்டில் 8,400 வர வேண்டும் என்று 28,965 பீஸ் என்று போட்டுவிடுகிறார்கள். ஸ்டாக்கில் இல்லாத 165 பட்டன் கணக்கில் ஏறிவிடும், ஆண்டு முடிவில் அது காணாமல் போன பட்டனாக ஸ்டோர்கீப்பர் தலையில் விழும். பைசா இடித்தால் பைசாவில் தீருங்கள், எண்ணிய அளவில் கை வைக்காதீர்கள்.

7. எந்தத் தாள் தவறு என்று முடிவு செய்வது

விகிதம் பொருந்தவில்லை என்றவுடன் கடைக்காரருக்குப் போன் போடாதீர்கள். தவறு நம் ஆர்டரிலும் இருக்கலாம். அவருடைய கொட்டேஷனை எடுங்கள். அதில் எந்த அலகுக்கு ரேட் சொன்னார்? அப்புறம் அதே சரக்கின் கடைசி இரண்டு மூன்று பில்களை எடுத்து ஒரு பீஸ் விலையைப் பாருங்கள். ஜிப் எப்போதும் ஏழு ரூபாயை ஒட்டியே வந்திருந்தால், 84 என்பது டஜனுக்கான ரேட் என்பதில் சந்தேகம் இல்லை.

கொட்டேஷனில் பீஸ் ரேட் சொல்லி நாம் டஜன் என்று ஆர்டர் போட்டிருந்தால் நம் ஆர்டரைத் திருத்தி, தேதி போட்டு அவருக்கு அனுப்புங்கள். பில்லுக்கு ஏற்ப ஆர்டரைப் பின்தேதியிட்டு மாற்றுவது கூடாது. ஆடிட்டர் கேட்டால் திருத்தம் தெரிய வேண்டும்.

8. திருத்தம்: நேரமும் வழியும்

600 x 84 = 50,400 என்று வந்த பில்லையே எடுத்துக்கொள்வோம். பேனாவால் அடித்து 4,200 என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது பழைய வழக்கம். இன்று அது உதவாது. கடைக்காரர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 இல் ஏற்றியது 50,400 தான், நம் வாங்கிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி இல் வருவதும் அதுதான்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள கடைக்காரர் என்றால் மற்ற கம்பெனிகளுக்குப் போடும் பில் ஈ-இன்வாய்ஸாக இருக்கும். அதற்குப் போர்ட்டல் தரும் பதிவு எண்ணான ஐஆர்என் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் மட்டுமே போர்ட்டலில் ரத்து செய்ய முடியும். அந்தப் பில் மேல் ஈ-வே பில் நடப்பில் இருந்தால் அதுவும் முடியாது. ரத்து செய்த பில் எண்ணைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது, புது எண்ணில்தான் பில் போட வேண்டும். சரக்கு நம் வாசலுக்கு வந்து எண்ணி முடிப்பதற்குள் அந்த நேரம் போயிருக்கும். அதனால் நடைமுறையில் பெரும்பாலும் கிரெடிட் நோட்தான் வழி.

கூடுதலாகப் போட்ட பில்லுக்கு ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34 படி கடைக்காரர் கிரெடிட் நோட் தர வேண்டும். இங்கே அதன் தொகை 46,200, அதற்கான வரி தனி. 350 ரூபாய் பில்லாக இருந்தால் அதே பிரிவின்படி அவர் 3,850 க்கு டெபிட் நோட் தருவார். இரண்டையும் தருபவர் கடைக்காரர்தான். நாம் ஒரு டெபிட் நோட் அனுப்பிவிட்டால் வரி சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. நாம் அனுப்புவது ஒரு கோரிக்கைக் கடிதம் போலத்தான், அவருடைய வரிக் கணக்கை அது மாற்றாது.

"50 PCS, 84, 4,200" என்ற நான்காம் வகையில் சரக்கு 600 வந்துவிட்டது என்றால் தொகையில் தவறில்லை, கிரெடிட் நோட்டுக்கு வேலையும் இல்லை. அலகு தவறு, வந்தது 600 பீஸ் என்று கடைக்காரரிடம் கடிதம் வாங்கிப் பில்லோடு வைத்துக்கொண்டு, அடுத்த பில்லிலிருந்து DOZ என்று போடச் சொல்லுங்கள். வந்தது 50 ஜிப்தான் என்றால் மீதி 550 ஐ அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது 3,850 க்குக் கிரெடிட் நோட் கேட்க வேண்டும்.

கேட்கும்போது எல்லா எண்ணும் ஒரே செய்தியில் இருக்கட்டும். இப்படி:

"வணக்கங்க. உங்க பில்லில் மூன்றாவது வரி, பேன்ட் ஜிப். எங்க ஆர்டர் 50 டஜன், டஜன் 84 ரூபாய். சரக்கு 600 பீஸ் வந்திருக்குங்க, எண்ணிட்டோம். பில்லில் 600 பீஸுக்கு பீஸ் 84 என்று 50,400 போட்டிருக்கு. வர வேண்டியது 4,200. பில்லை ரத்து செய்ய நேரம் இருக்குங்களா, இல்லை 46,200 க்கு கிரெடிட் நோட் தர்றீங்களா? ஆர்டரும் உள்வரவுச் சீட்டும் கூட அனுப்பியிருக்கேன்."

"பில் தப்பா வந்திருக்கு, பாருங்க" என்று மட்டும் அனுப்பினால் அவர் வரி வரியாகத் தேட வேண்டும், இரண்டு நாள் போய்விடும். எது தவறு, என்ன வேண்டும் என்று சொன்னால் அவர் கணக்குப்பிள்ளை அன்றே முடித்துவிடுவார்.

இந்த இடைவெளியில் ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பில்லை Accept, Reject, Pending என்று வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் புதுப் பில் போடுகிறாரா, கிரெடிட் நோட் தருகிறாரா என்று கேட்டு முடிவானபின் அதில் கை வையுங்கள். கிரெடிட் நோட் வழி என்றால் பில்லையும் நோட்டையும் இரண்டையும் ஏற்று, இரண்டையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பில்லை Reject செய்துவிட்டு கிரெடிட் நோட்டையும் வாங்கினால் கணக்கு இரண்டு தடவை குறையும்.

பணம் கொடுப்பது நோட் கைக்கு வந்தபின்தான். அவசரம் என்றால் சரியான தொகையான 4,200 ஐயும் அதற்கான வரியையும் கொடுத்து, மீதி நோட்டுக்காக நிற்கிறது என்று பில்லின் மேலேயே எழுதி வையுங்கள்.

9. பதிவும் அதன்பின் ஒரு சிறு வேலையும்

டாலியில் கொள்முதல் பதிவு போடும்போது rate பத்திக்குப் பக்கத்தில் per என்று ஒரு பத்தி இருக்கும். புதியவர்கள் அதை எண்டர் தட்டிக் கடந்துவிடுவார்கள். அங்கே PCS என்று நின்றுகொண்டு நீங்கள் 84 என்று அடித்தால், கடைக்காரர் சரியாகப் போட்ட பில்லை நாமே தவறாக ஏற்றியவர்கள் ஆவோம். Compound அலகு வைத்திருந்தால் per பத்தியில் DOZ என்று மாற்றலாம். தொகை 4,200 என்று வருகிறதா, ஸ்டாக் 600 பீஸ் ஏறுகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டு சேமியுங்கள்.

நடப்பில் உள்ள சரக்கின் அடிப்படை அலகை இடையில் மாற்ற முயல வேண்டாம். பழைய பதிவுகள் எல்லாம் அந்த அலகில்தான் நிற்கின்றன. தவறான அலகில் தொடங்கிய சரக்கு என்றால் புதுப் பெயரில் சரியான அலகோடு ஒன்றை உருவாக்கி, கையில் உள்ள ஸ்டாக்கை எண்ணி அதற்கு மாற்றி, பழையதை நிறுத்திவிடுவது நல்லது.

அப்புறம் அந்தக் கடைக்காரர் பெயருக்கு எதிரே மாற்றுக் கணக்குத் தாளில் ஒரு குறிப்பு போடுங்கள்: "பில்லில் எப்போதும் PCS என்று வரும், நிஜம் DOZ." அடுத்த பில்லைப் பார்ப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

10. மாற்றுக் கணக்கே இல்லாத சரக்கு

மேலே சொன்ன எல்லாம் 12, 144 என்று உறுதியான எண் உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். பின்னல் துணியைக் கிலோவில் ஆர்டர் போட்டு மீட்டரில் பில் வந்தால் அப்படி ஒரு எண் கிடையாது. சதுர மீட்டருக்கு 180 கிராம் கனமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள துணி ஒரு மீட்டர் நீளத்துக்கு 270 கிராம், அதாவது கிலோவுக்கு சுமார் 3.7 மீட்டர். கனம் 171 ஆக இறங்கினால் அதே கிலோவுக்கு 3.9 மீட்டர். ஐந்து சதவீத வித்தியாசத்தில் அலகு எது, தரம் எது என்று பிரிக்கவே முடியாது.

இந்த மாதிரிச் சரக்குக்கு மாற்றிப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் வேலை வேண்டாம். கிலோவில் ஆர்டர் என்றால் கிலோவில் எடை போட்டு, கிலோவில் பில் கேளுங்கள். மீட்டரில் வந்த பில்லைப் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்புங்கள். கனமும் அகலமும் தனியாக அளந்து உள்வரவுச் சீட்டில் எழுதி வைத்தால் கட்டிங் கணக்குக்கு அது போதும்.